ஒருமுறை மட்டும் வரும் இரண்டு எண்களைக் கண்டறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கணக்கில் எது கொடுக்கப்படுகிறது, எதைக் கண்டுபிடிக்க வேண்டும்?

முழு எண்களின் பட்டியல் ஒன்று கொடுக்கப்படுகிறது. அதில் இரண்டே இரண்டு எண்கள் மட்டும் ஒருமுறை வருகின்றன. மற்ற ஒவ்வொரு எண்ணும் சரியாக இரண்டு முறை வருகிறது. எந்த எண் எங்கே வரும் என்பதற்கு ஒழுங்கு எதுவும் இல்லை. இணையில்லாத அந்த இரண்டு எண்களைத் திருப்பித் தர வேண்டும். எதை முதலில் தருகிறோம் என்பது பொருட்டல்ல. லீட்கோட் தளத்தில் இது 260-ஆம் கணக்காக இருக்கிறது.

ஹாஷ் மேப் ஒன்றில் ஒவ்வோர் எண்ணும் எத்தனை முறை வந்தது என்று எண்ணிவிட்டால் விடை கிடைத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பட்டியலின் நீளத்துக்கு ஏற்பக் கூடுதல் நினைவகம் தேவைப்படுகிறது. பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் இரண்டு மூன்று மாறிகளை மட்டும் வைத்துக்கொண்டு, நீளத்துக்கு நேர்விகிதமான நேரத்தில் விடை காண வேண்டும் என்பதே இங்குள்ள நிபந்தனை. இந்தப் பக்கம் அந்த நிபந்தனையை நிறைவு செய்யும் வழியைப் பற்றியது. இரு எண்களின் பிட்களை இடம்வாரியாக ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் 1-உம் ஒத்த இடத்தில் 0-வும் தரும் எக்ஸார் என்ற செயலை அது பயன்படுத்துகிறது; அதன் குறி ^.

எல்லாவற்றையும் எக்ஸார் செய்தால் ஒரே ஓர் எண்தான் கிடைக்கிறது. அதிலிருந்து இரண்டு எண்களை எப்படிப் பிரித்தெடுப்பது?

அந்த ஓர் எண்ணிலிருந்து நேராகப் பிரித்தெடுக்க முடியாது. இணையில்லாத எண்களை a, b என்று வைத்துக்கொள்வோம். ஓர் எண்ணை அதே எண்ணுடன் எக்ஸார் செய்தால் 0 வரும். எந்த வரிசையில் எக்ஸார் செய்தாலும் விடை மாறாது. ஆகவே இணையாக வந்தவை அனைத்தும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, கடைசியில் a ^ b மட்டும் மிஞ்சுகிறது. இதை x என்று அழைப்போம். ஒரே x-ஐத் தரக்கூடிய எண் இணைகள் ஏராளமாக இருப்பதால், x-ஐ மட்டும் வைத்துக்கொண்டு a எது, b எது என்று சொல்லிவிட முடியாது.

ஆனாலும் x ஒரு பயனுள்ள செய்தியைத் தருகிறது. எக்ஸார் செய்யும்போது இரு எண்களும் வேறுபடும் இடத்தில் மட்டுமே 1 வரும் என்பதால், x-இல் எந்தெந்த இடங்களில் 1 இருக்கிறதோ அந்தந்த இடங்களில் a-யும் b-யும் வேறுபடுகின்றன. a-யும் b-யும் வெவ்வேறு எண்கள் என்று கொடுக்கப்பட்டிருக்கிறது. எனவே x ஒருபோதும் 0 ஆகாது, அதில் குறைந்தது ஒரு 1-ஆவது இருந்தே தீரும். அப்படிப்பட்ட ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, பட்டியலை மீண்டும் ஒருமுறை முதலிலிருந்து பார்த்து, அந்த இடத்தில் 1 உள்ள எண்களை ஒரு குழுவாகவும் 0 உள்ளவற்றை மற்றொரு குழுவாகவும் கருத வேண்டும்.

இப்போது இரண்டு செய்திகள் உறுதியாகின்றன. முதலாவது, a-யும் b-யும் தேர்ந்தெடுத்த இடத்தில் வேறுபடுவதால் வெவ்வேறு குழுக்களில் விழுகின்றன. இரண்டாவது, இரண்டு முறை வந்த எந்த எண்ணின் இரு பிரதிகளும் எல்லா பிட்களிலும் ஒத்திருப்பதால் ஒரே குழுவில்தான் விழும். ஓர் இணை பிரிந்து இரு குழுக்களுக்கும் போவதற்கு வழியே இல்லை. ஆகவே ஒவ்வொரு குழுவிலும் சில முழு இணைகளும் ஒரே ஓர் இணையில்லா எண்ணும் இருக்கின்றன. குழுவை எக்ஸார் செய்தால் இணைகள் மறைந்து அந்த ஓர் எண் வெளிப்படும்.

இந்த வழிமுறையின் சரித்தன்மை முழுவதும் மேற்கண்ட இரண்டு உறுதிகளில்தான் நிற்கிறது. நிரலில் பிழை நேரும்போது இந்த இரண்டில் எது உடைந்தது என்று கேட்டால், பெரும்பாலும் பிழையின் இடம் உடனே தெரிந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டை முதலிலிருந்து கடைசி வரை போட்டுக் காட்ட முடியுமா?

பட்டியல் 12, 7, 12, 19, 5, 7, 21, 5 என்று இருக்கட்டும். இதில் 19-உம் 21-உம் மட்டும் ஒருமுறை வருகின்றன. 0-வில் தொடங்கி ஒவ்வோர் எண்ணாக எக்ஸார் செய்துகொண்டு போனால் கிடைக்கும் மதிப்புகள் முறையே 12, 11, 7, 20, 17, 22, 3, 6 ஆகும். கடைசியில் மிஞ்சிய 6-தான் x. இடையில் வரும் மதிப்புகளுக்குத் தனிப்பொருள் எதுவும் இல்லை. கையால் சரிபார்ப்பவர்களுக்கு உதவும் என்பதற்காகவே அவற்றைக் கொடுத்திருக்கிறேன்.

19-இன் இருநிலை வடிவம் 10011, 21-இன் இருநிலை வடிவம் 10101. வலப்பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாம் இடத்திலும் மூன்றாம் இடத்திலும் இவை வேறுபடுகின்றன. அதனால்தான் x 00110, அதாவது 6 ஆகியிருக்கிறது. இவற்றில் கடைசி 1, அதாவது வலக்கோடியில் உள்ள 1, இருப்பது இரண்டாம் இடம். அதன் மதிப்பு 2. இனி ஒவ்வோர் எண்ணிலும் அந்த இடத்தைப் பார்ப்போம்.

```
12 = 01100   0
 7 = 00111   1
19 = 10011   1
 5 = 00101   0
21 = 10101   0
```

1 உள்ள குழுவில் 7, 19, 7 ஆகியவை சேர்கின்றன. இவற்றை எக்ஸார் செய்தால் 19. 0 உள்ள குழுவில் 12, 12, 5, 21, 5 ஆகியவை சேர்கின்றன. இவற்றை எக்ஸார் செய்தால் 21. இரண்டு குழுக்களின் அளவும் சமமாக இல்லை என்பதைக் கவனிக்கலாம். அது தேவையும் இல்லை.

நிரலில் இந்தக் குழுக்களைத் தனித்தனிப் பட்டியல்களாகச் சேமிக்க வேண்டியதில்லை. சேமித்தால் நினைவகம் பற்றிய நிபந்தனையே வீணாகிவிடும். 1 உள்ள குழுவின் எக்ஸாரை மட்டும் ஒரு மாறியில் வைத்துக்கொண்டால் போதும்; x என்பது a ^ b என்பதால், a தெரிந்ததும் b-யை x ^ a என்று பெற்றுவிடலாம். இங்கே 6 ^ 19 என்பது 21.

```python
def two_singles(nums):
    x = 0
    for n in nums:
        x ^= n
    bit = x & -x
    a = 0
    for n in nums:
        if n & bit:
            a ^= n
    return a, x ^ a
```

x & -x என்பது கடைசி 1-ஐ மட்டும் எப்படித் தனியே எடுக்கிறது?

கணினிகள் எதிர்ம எண்ணை 2-இன் நிரப்பி முறையில் குறிக்கின்றன. அந்த முறையில் -x என்பது x-இன் எல்லா பிட்களையும் தலைகீழாக்கி 1-ஐக் கூட்டுவதற்குச் சமம். x-இன் வால்பகுதி எப்போதும் ஒரு 1-உம் அதற்குப் பின் சில 0-க்களும் கொண்டதாக இருக்கும். 0-க்கள் இல்லாமலும் இருக்கலாம். தலைகீழாக்கும்போது அந்த 1 ஒரு 0 ஆகிறது, அதற்குப் பின்னுள்ள 0-க்கள் அனைத்தும் 1 ஆகின்றன. இப்போது 1-ஐக் கூட்டினால், வால்பகுதியின் 1-கள் ஒவ்வொன்றும் 0 ஆகி, மிகுதி இடப்பக்கம் நகர்ந்து, அந்த 0 இருக்கும் இடத்தில் வந்து 1-ஆக நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் செல்வதில்லை.

ஆகவே கடைசி 1-உம் அதற்கு வலப்பக்கம் உள்ளவையும் x-இலும் -x-இலும் ஒன்றாகவே இருக்கின்றன. அதற்கு இடப்பக்கம் உள்ள பிட்கள் எல்லாம் நேரெதிராக இருக்கின்றன. இரண்டையும் `&` செய்தால் இடப்பக்கம் முழுவதும் 0 ஆகி, கடைசி 1 மட்டும் நிலைக்கிறது. 8 பிட்களில் 6-க்கு இது பின்வருமாறு அமையும்.

```
 6      00000110
~6      11111001
-6      11111010
6 & -6  00000010
```

ஃபென்விக் மரத்தில் ஒரு குறியீட்டிலிருந்து அடுத்த குறியீட்டுக்குத் தாவுவதற்கும் இதே கோவைதான் பயன்படுகிறது. இது இவ்வளவு அடிக்கடி தேவைப்படுவதால் இன்றைய எக்ஸ்86 செயலிகளில் இதற்கென `BLSI` என்ற தனிக்கட்டளையே இருக்கிறது.

கடைசி 1-தான் வேண்டுமா? முதல் 1-ஐயோ நடுவில் உள்ளதையோ எடுத்தால் தவறாகுமா?

தவறாகாது. x-இல் 1 உள்ள எந்த இடத்தை எடுத்தாலும் a-யும் b-யும் அங்கே வேறுபடுகின்றன என்பதால் முடிவு சரியாகவே வரும். மேலே உள்ள எடுத்துக்காட்டில் மூன்றாம் இடத்தை, அதாவது 4-ஐ எடுத்தால் 12, 7, 12, 5, 7, 21, 5 ஆகியவை ஒரு பக்கமும் 19 மட்டும் மறுபக்கமும் பிரியும், விடை அதுவே. கடைசி 1-ஐ எடுப்பதற்கு ஒரே காரணம், சுழற்சி எதுவும் இல்லாமல் ஒரே கோவையில் அதைப் பெற முடிகிறது என்பதுதான்.

எண்களை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்தால் போதாதா? அல்லது நேராக n & x என்று பிரிக்கலாமே?

இரண்டும் சில பட்டியல்களில் சரியான விடையைத் தந்துவிடும் என்பதால்தான் இவை நம்மை எளிதில் ஏமாற்றுகின்றன.

ஒற்றை, இரட்டை என்று பிரிப்பது எப்போதும் வலக்கோடி பிட்டைக் கொண்டு பிரிப்பதற்குச் சமம். இரண்டு பிரதிகளும் ஒரே குழுவில் விழும் என்ற உறுதி அதிலும் உண்டு. ஆனால் a-யும் b-யும் பிரியும் என்ற உறுதி இல்லை. நம் எடுத்துக்காட்டில் 19-உம் 21-உம் ஒற்றைப்படை எண்கள். இரண்டும் ஒரே குழுவில் சேர்ந்து, அந்தக் குழு 6-ஐயும் மற்றொரு குழு 0-வையும் தரும். எந்த பிட்டைக் கொண்டு பிரிப்பது என்பதைப் பட்டியலைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அதற்காகத்தான் முதல் சுற்று இருக்கிறது.

n & x என்று பிரிப்பது இன்னும் நுட்பமான தவறு. x-இல் ஒரே ஒரு 1 இருக்கும்போது இது சரியாகவே வேலை செய்யும். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட 1-கள் இருந்தால், n & x என்பது 0 அல்ல என்ற சோதனை, அந்த இடங்களில் ஏதாவது ஒன்றிலாவது 1 இருக்கிறதா என்று கேட்பதாகிவிடுகிறது. 19 & 6 என்பது 2, 21 & 6 என்பது 4; இரண்டுமே 0 அல்ல, ஆகவே இரண்டும் மீண்டும் ஒரே குழுவில் விழுகின்றன. சிறு பட்டியல் ஒன்றை மட்டும் வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை அகப்படாமலே போகலாம்: 1, 2, 1, 3, 2, 5 என்ற பட்டியலில் 3 ^ 5 என்பது 6, 3 & 6 என்பது 2, 5 & 6 என்பது 4 என்பதால் பிழை தெரியும்; ஆனால் இணையில்லாதவை 3-உம் 7-உம் என்றால் x என்பது 4, அப்போது தெரியாது. சோதிக்கும் பட்டியலில் a ^ b-க்குக் குறைந்தது இரண்டு 1-களாவது இருக்குமாறு பார்த்துக்கொள்வது நல்லது. அவ்வாறே, இரண்டையும் ஒற்றைப்படையாகவோ இரண்டையும் இரட்டைப்படையாகவோ வைத்துக்கொள்ள வேண்டும். 19, 21 என்ற இணையை நான் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே காரணம்.

என் நிரல் 0-வையும் பட்டியலிலேயே இல்லாத ஓர் எண்ணையும் விடையாகத் தருகிறது. எங்கே தவறு?

பட்டியலில் இல்லாத அந்த எண் x ஆக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் a-யும் b-யும் ஒரே குழுவில் விழுந்திருக்கின்றன. ஒரு குழு a ^ b-யைத் தருகிறது, மற்றதில் முழு இணைகள் மட்டுமே இருப்பதால் அல்லது எதுவுமே இல்லாததால் 0 வருகிறது. எக்ஸார் செய்யும் பகுதி சரியாக இருக்கிறது, பிரிக்கும் நிபந்தனைதான் கெட்டிருக்கிறது என்று இதிலிருந்து உறுதியாகச் சொல்லலாம்.

மேலே சொன்ன இரண்டு தவறுகளைத் தவிர, இதற்கு வழக்கமான காரணங்கள் வேறு இரண்டு உண்டு. ஒன்று, `(n & bit) == 1` என்று எழுதுவது. n & bit-இன் மதிப்பு 0 அல்லது bit ஆகத்தான் இருக்கும்; bit 2 ஆக இருக்கும்போது அது ஒருபோதும் 1 ஆகாது. 0-வோடு ஒப்பிடுவதே சரி.

மற்றொன்று சி, சி++ மொழிகளுக்கு உரியது. `if (n & bit == 0)` என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால், அந்த மொழிகளில் `==` முதலில் கணக்கிடப்படுகிறது. bit 0 அல்ல என்பதால் `bit == 0` என்பது 0; n & 0 என்பதும் 0; ஆகவே நிபந்தனை ஒருபோதும் நிறைவேறாமல் எல்லா எண்களும் ஒரே பக்கம் போகின்றன. சி-க்கு முந்தைய மொழியில் `&` என்பதே தருக்கச் செயலுக்கும் பயன்பட்டது. அந்த நிரல்களை மாற்றுவது எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காக `&`-இன் முன்னுரிமை `==`-க்குக் கீழேயே வைக்கப்பட்டது என்று சி மொழியை உருவாக்கிய டெனிஸ் ரிட்சி விளக்கியிருக்கிறார். பைத்தானில் இந்த முன்னுரிமை மாற்றப்பட்டுவிட்டதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை. சி-யில் `-Wall` கொடுத்துத் தொகுத்தால் ஜிசிசி தொகுப்பி அடைப்புக்குறி இடுமாறு எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைக் கடந்து போகாதீர்கள்.

இணையில்லாத எண்களில் ஒன்று 0 ஆக இருந்தால் இந்த வழி உடைந்துவிடாதா?

உடையாது. 0-வும் மற்ற எண்களைப் போன்ற ஓர் எண்தான். b 0 என்றால் x என்பது a. பிரிக்கும்போது a ஒரு பக்கமும் 0 மறுபக்கமும் போகும். விடை 0, x என்றே வரும் என்பதால், முந்தைய கேள்வியில் சொன்ன நோய்க்குறியும் சரியான விடையும் இங்கே ஒன்றுபோலத் தோன்றும். அதனாலேயே 0-வை இணையில்லா எண்ணாகக் கொண்ட பட்டியல் பிழை தேடுவதற்கு ஏற்றதல்ல.

எதிர்ம எண்கள் இருக்கும் பட்டியலில் சி++ நிரல் ஏன் சில நேரம் நின்றுவிடுகிறது?

பொதுவாக எதிர்ம எண்கள் எந்தச் சிக்கலையும் உண்டாக்குவதில்லை, ஏனெனில் 2-இன் நிரப்பி வடிவத்தில் அவையும் பிட்களின் தொகுப்புதான். சிக்கல் ஒரே ஒரு மதிப்பில்தான் இருக்கிறது. 32 பிட் முழு எண்ணில் மிகச் சிறியது -2147483648. மிகப் பெரியது 2147483647. ஆகவே -2147483648-இன் எதிர் எண்ணுக்கு அந்த வகையில் இடமே இல்லை. a-யும் b-யும் குறியைக் காட்டும் பிட்டில் மட்டும் வேறுபட்டு மற்ற 31 பிட்களிலும் ஒத்திருந்தால் x சரியாக அந்த மதிப்பாக அமையும். 1, 1, 0, -2147483648 என்ற பட்டியல் இதற்கு ஓர் எளிய எடுத்துக்காட்டு.

சி++ மொழியில் குறியுள்ள எண் இவ்வாறு எல்லை மீறினால் என்ன நடக்கும் என்பதற்கு மொழியின் விதிகள் எந்த உறுதியும் தருவதில்லை. பெரும்பாலான கணினிகளில் -x மீண்டும் அதே மதிப்பாக வந்து விடையும் சரியாகவே கிடைத்துவிடுகிறது. எனவே பிழை பல காலம் மறைந்திருக்கும். `-fsanitize=undefined` என்ற தேர்வோடு தொகுக்கும்போதுதான் பின்வரும் செய்தி தோன்றுகிறது. அதைப் பிழையாகக் கருதும் தளங்களில் நிரல் அங்கேயே நிறுத்தப்படுகிறது.

```
runtime error: negation of -2147483648 cannot be represented in type 'int'
```

குறியில்லா வகையில் கணக்கிடுவதே முறையான தீர்வு. அந்த வகையில் எல்லை மீறுவது 2-இன் 32-ஆம் அடுக்கைக் கொண்டு வகுத்த மீதியாக வரையறுக்கப்பட்டிருப்பதால் ஐயத்துக்கு இடமில்லை.

```cpp
unsigned x = 0;
for (int n : nums) x ^= (unsigned)n;
unsigned bit = x & (~x + 1u);
unsigned a = 0;
for (int n : nums)
    if ((unsigned)n & bit) a ^= (unsigned)n;
int first = (int)a, second = (int)(x ^ a);
```

இதற்கு மாற்றாக `x & (x - 1)` என்பதைக் கொண்டு கடைசி 1-ஐ நீக்கிப் பெறும் வழியைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். குறியுள்ள வகையிலேயே அதைச் செய்தால் -2147483648-இலிருந்து 1-ஐக் கழிப்பதும் எல்லை மீறலே என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

ஜாவாவில் எல்லை மீறல் வரையறுக்கப்பட்டது; `x & -x` அங்கே எப்போதும் சரி. ஆனால் `(n & bit) > 0` என்று எழுதியிருந்தால், bit குறியின் இடத்தில் இருக்கும்போது n & bit எதிர்ம எண்ணாகி நிபந்தனை பொய்யாகிறது. 5-உம் -2147483643-உம் இணையில்லாதவையாக உள்ள பட்டியலில் இதை நேரடியாகக் காணலாம்: 0-வும் -2147483648-உம் விடையாக வரும். `!= 0` என்று எழுதினால் இது தீர்ந்துவிடும்.

பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

பைத்தானில் இல்லை. அங்கே முழு எண்ணுக்கு நீள வரம்பு கிடையாது; எதிர்ம எண்கள் இடப்பக்கம் முடிவில்லாமல் 1-கள் நீள்வதைப் போல நடந்துகொள்வதால் -4 & 4 என்பது 4 என்றே வருகிறது.

ஜாவாஸ்கிரிப்டில் உண்டு. `^`, `&` ஆகிய செயல்கள் எண்ணைக் கடைசி 32 பிட்களுக்குச் சுருக்கி, குறியுள்ள எண்ணாகக் கருதுகின்றன. 3000000000 விடையாக வரவேண்டிய இடத்தில் -1294967296 வரும். அதை `>>> 0` கொண்டு சரிசெய்துவிடலாம். ஆனால் 4294967297-உம் 1-உம் இணையில்லாதவையாக இருந்தால், இரண்டும் 1 ஆகச் சுருங்கி x 0 ஆகிவிடுகிறது. இதைப் பின்னால் சரிசெய்ய வழியில்லை. அத்தகைய எண்கள் வரக்கூடுமானால் தொடக்கத்திலேயே `BigInt` வகைக்கு மாறிவிட வேண்டும்.

பட்டியல் நிபந்தனைப்படி இல்லையென்றால் நிரல் அதைக் கண்டுபிடித்துச் சொல்லுமா?

இயல்பாகச் சொல்லாது. எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் அது இரண்டு எண்களைத் தந்துவிடும். அவை பொருளற்றவையாக இருக்கலாம். சில மீறல்களை மட்டும் மலிவாகக் கண்டுபிடிக்க முடியும், ஆனால் எல்லாவற்றையும் அல்ல.

பட்டியலின் நீளம் ஒற்றைப்படையாக இருந்தால் நிபந்தனை நிச்சயமாக மீறப்பட்டிருக்கிறது. x 0 ஆக வந்தாலும் அப்படியே. எல்லா எண்களும் இணையாக இருந்திருக்கலாம், அல்லது 1, 2, 4, 7 போன்று எக்ஸார் 0 ஆகும் நான்கு எண்கள் இணையில்லாமல் இருந்திருக்கலாம். இந்த இரண்டையும் முதல் சுற்றின் முடிவிலேயே பார்த்துவிடலாம்.

மூன்றாவதாக ஒரு சுற்று போய், விடையாக வந்த இரு எண்களும் பட்டியலில் தலா ஒருமுறை மட்டும் வருகின்றனவா என்று எண்ணிப் பார்ப்பது அடுத்த நிலை. இணையில்லாத எண்கள் இரண்டுக்குப் பதிலாக நான்காக இருந்தால் இந்தச் சோதனை தவறாமல் அதைப் பிடித்துவிடும். காரணம் இதுதான்: தேர்ந்தெடுத்த இடத்தில் x-க்கு 1 இருப்பதால், அந்த நான்கில் ஒற்றைப்படை எண்ணிக்கையிலானவை ஒரு பக்கம் போகின்றன, அதாவது ஒன்றும் மூன்றுமாகப் பிரிகின்றன. மூன்று சேர்ந்த பக்கத்தின் விடை அந்த மூன்றின் எக்ஸார். அது அந்த மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டுமானால் மற்ற இரண்டும் சமமாக இருக்க வேண்டும்; அது முடியாது. மறுபக்கம் உள்ள எண்ணாகவும் அது இருக்க முடியாது, ஏனெனில் தேர்ந்தெடுத்த இடத்தில் அதன் பிட் வேறு. ஆகவே அந்த விடை ஒருமுறை மட்டும் வரும் எண்ணாக இருக்க வாய்ப்பே இல்லை. 1, 2, 4, 8 என்பதில் விடை 1, 14 என்று வரும். 14 பட்டியலில் இல்லை.

இணையில்லாதவை ஆறாக இருந்தால் இந்த உறுதி போய்விடுகிறது. 1, 2, 4, 8, 14, 16 என்ற பட்டியலைப் பாருங்கள். 2, 4, 8, 14 ஆகியவற்றின் எக்ஸார் 0. எனவே x என்பது 17, கடைசி 1-இன் மதிப்பு 1. ஒரு பக்கம் 1 மட்டும் போகிறது. மறுபக்கம் மற்ற ஐந்தும் சேர்ந்து 16-ஐத் தருகின்றன. விடை 1, 16. இரண்டும் பட்டியலில் உண்மையாகவே தலா ஒருமுறை வருகின்றன. மூன்றாம் சுற்றுச் சோதனை நிறைவாகத் தேறிவிடுகிறது. ஆனாலும் நிபந்தனை மீறப்பட்டிருக்கிறது.

ஆகவே என் கருத்து இது: பட்டியல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து, நிபந்தனை வேறு வகையில் உறுதி செய்யப்பட்டிருந்தால் மட்டுமே இந்த வழிமுறையைப் பயன்படுத்த வேண்டும். நம்பத்தகாத தரவாக இருந்தால் ஹாஷ் மேப் கொண்டு எண்ணுவதோ, நினைவகம் குறைவாக இருந்தால் பட்டியலை வரிசைப்படுத்தி அடுத்தடுத்த எண்களை ஒப்பிடுவதோ மேல். வரிசைப்படுத்துவதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஆனாலும், ஒவ்வோர் எண்ணும் எத்தனை முறை வந்தது என்பதை அது ஒளிவின்றிக் காட்டிவிடுகிறது.

மற்ற எண்கள் இரண்டு முறைக்குப் பதிலாக மூன்று அல்லது நான்கு முறை வந்தால்?

நான்கு, ஆறு என்று எந்த இரட்டைப்படை எண்ணிக்கையாக இருந்தாலும் நிரலில் ஒன்றையும் மாற்ற வேண்டியதில்லை. மூன்று முறை வந்தால் இது பயன்படாது. மூன்று பிரதிகளின் எக்ஸார் அந்த எண்ணாகவே மிஞ்சி x-ஐக் கெடுத்துவிடும். அங்கே ஒவ்வொரு பிட்டும் எத்தனை எண்களில் 1 ஆக இருக்கிறது என்று எண்ணி, 3-ஆல் வகுத்த மீதியைப் பார்க்கும் வேறு வழி தேவை.

1 முதல் n வரையிலான எண்களில் இரண்டு காணாமல் போயிருந்தால் இதே வழியில் கண்டுபிடிக்கலாமா?

கண்டுபிடிக்கலாம். கொடுத்த பட்டியலோடு 1 முதல் n வரையிலான எல்லா எண்களையும் சேர்த்துக்கொண்டதாகக் கருதினால், இருப்பவை இரண்டு முறையும் காணாமல் போனவை ஒருமுறையும் வருகின்றன. உண்மையில் சேர்க்க வேண்டியதில்லை. இரு சுற்றுகளிலும் 1 முதல் n வரை இன்னொரு சுழற்சி ஓட்டினால் போதும். n 6 ஆகவும் பட்டியல் 4, 1, 6, 3 ஆகவும் இருந்தால், பட்டியலின் எக்ஸார் 0, 1 முதல் 6 வரையிலான எக்ஸார் 7. எனவே x என்பது 7, கடைசி 1-இன் மதிப்பு 1. பட்டியலின் ஒற்றைப்படை எண்கள் 1, 3. முழுத்தொகுப்பின் ஒற்றைப்படை எண்கள் 1, 3, 5. இவற்றின் எக்ஸார் 5. மற்றது 7 ^ 5, அதாவது 2.

ஓர் எண் காணாமல் போய், அதற்குப் பதிலாக வேறோர் எண் இருமுறை வந்திருக்கும் கணக்குக்கும் இது பொருந்தும். 1, 2, 2, 4 என்ற பட்டியலோடு 1 முதல் 4 வரையிலானவற்றைச் சேர்த்தால் 2 மூன்று முறையும் 3 ஒருமுறையும் வருகின்றன. இரண்டும் ஒற்றைப்படை எண்ணிக்கை என்பதால் x என்பது 2 ^ 3, அதாவது 1 ஆகிறது, பிரித்தால் 3-உம் 2-உம் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் எது காணாமல் போனது, எது இருமுறை வந்தது என்பதை எக்ஸார் சொல்லாது. பட்டியலை இன்னொரு முறை பார்த்து, இரண்டில் எது அதில் இருக்கிறதோ அதுவே இருமுறை வந்தது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.